ராணியின் கதையை எந்த இடத்தில் நிறுத்திப் பணம் கேட்பது? காப்பக வீடியோவுக்கு மூன்று ஸ்கிரிப்ட்கள்

புரட்டாசி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு ஆன்ட்டி அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டுக்கு அருகே ஒரு சிறிய விலங்குக் காப்பகத்தில் வாரம் மூன்று நாள் உதவி செய்கிறார். "தம்பி, விரத மாசம் வருது, ஜனங்க தர்ம சிந்தனையா இருப்பாங்க. ஒரு வீடியோ பண்ணித் தா. ஆனா எந்த மாதிரி பண்றதுன்னு எங்களுக்குள்ளேயே ஒத்து வரலே" என்றார்.

கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் காப்பகங்களுக்கு இந்த மாதிரி வீடியோ செய்து கொடுப்பது பழக்கமாகிவிட்டது. எல்லா இடத்திலும் இதே இழுபறிதான். ஒருவர் குணமான நாயைக் காட்டலாம் என்பார். இன்னொருவர் இப்போது கூண்டில் கிடக்கும் நாயைக் காட்டலாம் என்பார். மூன்றாமவர், ஒரே நாயைக் காட்டினால் மற்ற நாய்களை யார் கவனிப்பது, காப்பகத்தையே காட்டுங்கள் என்பார். மூன்றும் சரிதான், ஆனால் ஒரே வேளையில் அல்ல. அந்தக் காப்பகத்தில் அன்று இருந்த ராணி என்ற ஒரே நாயை வைத்து மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ராணிக்கு என்ன நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டியாக இருந்தபோது கழுத்தில் சுற்றிய சங்கிலியை யாரும் தளர்த்தவில்லை. உடல் வளர வளரச் சங்கிலி தோலை அறுத்துக்கொண்டு சதைக்குள் புதைந்துவிட்டது. முடி மூடியிருப்பதால் இந்த மாதிரிக் காயம் வெளியே தெரியாது. நாற்றம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், அப்புறம் முகம் வீங்கும். மயக்கம் கொடுத்து, சங்கிலியை வெட்டி எடுத்து, அழுகிய சதையைச் சுத்தம் செய்து, தினமும் கட்டு மாற்றி ஆறவிட வேண்டும். ஆன்ட்டி அழைத்தபோது சங்கிலியை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். அதில் முதலாவதுதான் பெரிது.

பணம் கேட்கும் அந்த நொடியில், பார்ப்பவரின் பணத்துக்குக் கதைக்குள் ஏதாவது வேலை மிச்சம் இருக்கிறதா? நாய் ஏற்கெனவே குணமாகி, புது வீட்டுக்குப் போய், சோபாவில் படுத்துக்கொண்டிருக்கும் காட்சி வந்துவிட்டால் பார்ப்பவரின் மனம் நிறைந்துவிடும். நிறைந்த மனம் வாழ்த்தும், பகிரும், கைகூப்பும் படம் அனுப்பும். பணம் அனுப்பாது. நேர்மாறாக, காயம் தெரியும் மிக மோசமான இடத்தில் கேட்டால் மனம் மூடிக்கொள்ளும். விரல் திரையைத் தள்ளிவிட்டுப் போய்விடும். பள்ளத்தில் கேட்கக் கூடாது, உச்சியிலும் கேட்கக் கூடாது. பள்ளத்திலிருந்து ஒரு படி ஏறியதும் கேட்க வேண்டும். நாய் முதல்முறை தலை தூக்கிப் பார்த்தது, முதல்முறை சாப்பிட்டது என்பதெல்லாம் அந்தப் படி. மேலே ஏற வழி இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், ஆனால் இன்னும் ஏறி முடியவில்லை.

இரண்டாவது, வரும் பணத்தின் மேல் விழும் கட்டு. "ராணிக்கு" என்று கேட்டு வாங்கியதை ராணிக்குத்தான் செலவழிக்க வேண்டும். நாய் உணவுக்கடைக் கடனுக்குத் திருப்பினால் அது நம்பிக்கை மோசடி. மூன்றாவது, தேவையான காட்சிகள் கையில் இருக்கின்றனவா என்பது. நான்காவது, வீடியோ எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது: ஒரு வாரத்தில் பழசாகிவிடுமா, ஆண்டு முழுக்கப் போடலாமா?

எவ்வளவு அழவைக்கிறது என்பதை நான் அளவுகோலாக வைப்பதில்லை. 2007-இல் அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏஎஸ்பிசிஏ, சோகப் பாட்டோடு கூண்டு நாய்களின் கண்களைக் காட்டும் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் எடுத்தது. அது இரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் 3 கோடி டாலர் திரட்டியது உண்மைதான். ஆனால் அதில் தோன்றிப் பேசிய பாடகி சாரா மெக்லாக்லனே, விளம்பரம் வந்தால் தானும் சேனலை மாற்றிவிடுவதாகப் பின்னாளில் சொன்னார். நாடு முழுக்க விளம்பர நேரம் வாங்கக்கூடிய அமைப்புக்கு, நூறு பேரில் தொண்ணூறு பேர் சேனலை மாற்றினாலும் கணக்கு நிற்கும். நம் வீடியோ போவதோ கோயில் வாட்ஸப் குழுவுக்கும் பழைய மாணவர் குழுவுக்கும். அதே இருநூறு முன்னூறு பேரிடம்தான் அடுத்த முறையும் போய் நிற்க வேண்டும். ஒருமுறை அவர்களைக் கலங்கடித்து விரட்டிவிட்டால், அடுத்த முறை நம் பெயரைப் பார்த்ததுமே திறக்காமல் விட்டுவிடுவார்கள்.

## முதல் வழி: குணமான நாயின் கதை

"அன்று இப்படி, இன்று இப்படி" என்ற வகை. முதல் நாள் காட்சி, சிகிச்சை, முடி முளைத்த கழுத்து, புது வீடு. பார்க்க இதமானது, பகிரவும் கூச்சமிருக்காது. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். காப்பகத்தில் வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது.

குறை நான் முன்பே சொன்னதுதான்: கேட்கும் நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. கதையை முக்கால் பாகத்தில் முடித்துவிட்டு, அதே கூண்டுக்குக் கேமராவைத் திருப்ப வேண்டும். "ராணி போய்விட்டாள். அவள் இருந்த ஏழாம் கூண்டில் இன்று காலை இவன் வந்தான். இவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை." இந்த மூன்று வாக்கியம் போதும், மூடிய கதை மறுபடி திறந்துகொள்ளும். அதன் பிறகு கேட்கலாம். ஆனால் ஏழாம் கூண்டில் நிஜமாகவே ஒரு நாய் வந்திருக்க வேண்டும். பக்கத்துக் கூண்டு நாயைக் கொண்டுவந்து நிறுத்தி எடுக்கும் வேலை வேண்டாம். காப்பகத்துக்கு வந்து போகிறவர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் மறைந்திருக்கும் செலவு முதல் நாள் காட்சி. நாய் வந்திறங்கும் நேரத்தில் எல்லார் கையும் வேலையாக இருக்கும், யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். குணமான பிறகு "முன்பு எப்படி இருந்தது" என்று தேடினால், யாரோ தூரத்திலிருந்து எடுத்த மங்கலான ஒரு புகைப்படம் கிடைக்கும். முதல் நாள் காட்சி இல்லாமல் இந்த ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். அன்பான ஒரு நாய் புல்வெளியில் ஓடுவதை மட்டும் காட்டி, "இது ஒருகாலத்தில் எப்படி இருந்தது தெரியுமா" என்று சொன்னால் யாருக்கும் உறைக்காது. காப்பகத்தில் நாயைப் பெற்றுக்கொள்பவரிடம் ஒரு பழக்கம் ஏற்படுத்தலாம்: சிகிச்சையைத் தாமதப்படுத்தாமல் இருபது நொடி, போனைக் கீழே இறக்கி நாயின் கண் மட்டத்தில் வைத்து, பேசாமல் எடுப்பது. அதில் பத்து நொடி கண்களாக இருக்கட்டும்.

## இரண்டாம் வழி: பாதியில் நிற்கும் கதை

நாய் இன்று கூண்டில் இருக்கிறது, செலவு இன்னும் பாக்கி, முடிவு தெரியாது. பணம் கேட்க மிகவும் பொருந்துவது இதுதான். ராணிக்கு நாங்கள் எடுத்ததும் இதைத்தான். அதனால் ஸ்கிரிப்டை முழுதாகவே தருகிறேன். தொண்ணூறு நொடி. தமிழில் 120 சொற்களுக்கு மேல் போனால் குரல் ஓட ஆரம்பித்துவிடும், காட்சிக்கு மூச்சுவிட இடமிருக்காது.

0–8 நொடி. எஃகுத் தட்டில் சங்கிலி விழும் சத்தம். தட்டில் கிடக்கும் சங்கிலி, அதில் ஒட்டிய முடி. குரல்: "இது ஒரு நாயின் கழுத்துக்குள்ளிருந்து எடுத்தது."

8–25. ராணியின் கண்கள், பிறகு கழுத்துக் கட்டு. "இவள் ராணி. குட்டியாக இருந்தபோது கட்டிய சங்கிலி. ராணி வளர்ந்தாள். சங்கிலி வளரவில்லை."

25–40. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ராணி, பின்னாலிருந்து. "செவ்வாய்க்கிழமை டாக்டர் அதை வெட்டி எடுத்தார். இரண்டு நாள் இப்படியே படுத்திருந்தாள். யார் வந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை."

40–52. பேச்சு இல்லை. ஒரு கை சோற்றை நீட்டுகிறது. ராணி திரும்புகிறாள், முகர்கிறாள், சாப்பிடுகிறாள். கடைசியில் மட்டும்: "நேற்று ராத்திரி சாப்பிட்டாள்."

52–75. "இன்னும் பதினான்கு நாள் கட்டு மாற்ற வேண்டும். ஆபரேஷனுக்கும் கட்டுக்கும் சேர்த்து 6,300 ரேண்ட். 42 பேர் ஆளுக்கு 150 ரேண்ட் தந்தால் தீர்ந்தது. அதில் ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்."

75–90. "வீடியோவுக்குக் கீழே லிங்க் இருக்கிறது. பேங்க் வழியாக அனுப்பினால் ராணி என்று எழுதுங்கள். கூடுதலாக வருவது, அடுத்து இப்படி வரும் நாய்க்கு." கடைசி மூன்று நொடி ராணி கேமராவைப் பார்க்கிறாள். சத்தம் எதுவும் இல்லை.

இதில் புண்ணை எங்கும் காட்டவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். காட்சி கையில் இருந்தது. சங்கிலியே போதும் என்று விட்டுவிட்டோம். பார்ப்பவர் அந்த முடியைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தானே நினைத்துக்கொள்வார், கண்ணை மூட வேண்டியதில்லை. நடைமுறைக் காரணமும் உண்டு. திறந்த புண்ணைக் காட்டினால் ஃபேஸ்புக் வீடியோவை மறைத்து எச்சரிக்கைப் பலகை போட்டுவிடக்கூடும், காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டினால் நிராகரிக்கவும் கூடும்.

பணம் கேட்கும் வாக்கியத்தில்தான் எனக்கும் ஆன்ட்டிக்கும் ஒரு மணி நேர வாதம். முதல் வரைவில் "உங்கள் 150 ரேண்ட், ராணிக்கு ஒரு நாள் கட்டு" என்று எழுதியிருந்தேன். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? டாக்டரின் பில்லை எடுத்து வைத்துப் பார்த்தோம். ஆபரேஷன் 4,200, கடனில் செய்தது. கட்டு மாற்ற நாளுக்கு 150, பதினான்கு நாளுக்கு 2,100. அப்படியானால் பதினான்காவது ஆள் பணம் போட்டதுமே கட்டுச் செலவு முடிந்துவிட்டது. பதினைந்தாவது ஆளிடம் நாம் சொல்வது பொய். மீதி 28 பேரின் பணம் பழைய கடனைத்தான் அடைக்கிறது. அதில் ஒரு தவறும் இல்லை, ஆனால் அதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அதனால்தான் மொத்தத் தொகையையும் ஆள் கணக்கையும் சொல்லும் வாக்கியத்துக்கு மாறினோம். உங்கள் ஸ்கிரிப்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்: எத்தனையாவது ஆளுக்கு இந்த வாக்கியம் பொய்யாகிறது?

இன்னொரு வாதமும் நடந்தது. காப்பகக் குழுவில் ஒருவர், "இங்கே இன்னும் எத்தனையோ நாய்கள் இருக்கின்றன, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்" என்றார். நியாயமான ஆசைதான். நான் மறுத்தேன். 2007-இல் ஸ்மால், லோவென்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கையில் 5 டாலர் வைத்திருந்தவர்களிடம் ஆப்பிரிக்கப் பசிக்காக நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டின் ஒரு சிறுமியை மட்டும் காட்டிக் கேட்டபோது சராசரியாக 2.38 டாலர் வந்தது. லட்சக்கணக்கானோர் என்ற புள்ளிவிவரத்தை மட்டும் சொன்னபோது 1.14. இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது கூட வேண்டியதுதானே? கூடவில்லை, 1.43-க்கு இறங்கியது. அங்கே பேச்சு மனிதர்களைப் பற்றியது, நாய்களைப் பற்றியதல்ல. ஆனாலும் "இன்னும் எத்தனையோ நாய்கள்" என்ற வரி வந்ததும் முகத்தில் சோர்வு படிவதை நான் எடிட் அறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். 42 பேர் என்றால் கை எட்டும் தூரம். கணக்கில்லாத நாய்கள் என்றால் என் 150 ரேண்ட் எந்த மூலைக்கு என்று தோன்றிவிடுகிறது.

இந்த வழியின் மறைந்த செலவுகள் மூன்று வழிகளிலேயே அதிகம். நாய் இறந்துபோகலாம். பணம் அனுப்பியவர்கள் கேட்பார்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் வீடியோவை வெளியிடும் முன்பே இரண்டு தொடர்ச்சிகளையும் எழுதி வைத்துவிடுவேன், பிழைத்தால் ஒன்று, பிழைக்காவிட்டால் ஒன்று. இரண்டாவதை எழுதக் கை வராது. ஆனால் நடந்த அன்று எழுத உட்கார்ந்தால் அதைவிடக் கஷ்டம். அப்புறம், கேட்டதைவிடக் கூடுதலாகப் பணம் வரலாம். "கூடுதலாக வருவது அடுத்த நாய்க்கு" என்ற வரி அதற்காகத்தான். அந்த வரியை விட்டுவிட்டால் 43-ஆவது ஆளின் பணத்தை என்ன செய்வது என்று குழுக் கூட்டத்தில் சண்டை வரும்.

மூன்றாவது செலவு சட்டம். நாயைத் துன்புறும் விதத்தில் சங்கிலியில் கட்டிவைப்பது இங்கே தென்னாப்பிரிக்காவில் 1962-ஆம் ஆண்டின் 71-ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உரிமையாளர் மேல் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் வீட்டு வாசல், தெருப்பெயர், கார் எண், அண்டைவீட்டார் முகம் எதுவும் வீடியோவில் வரக் கூடாது. யார் செய்தது என்று குரலிலும் சொல்லக் கூடாது. வெட்டாத மூலக் கோப்பைத் தேதியோடு அப்படியே தனியாக எடுத்து வையுங்கள், நாளை அதுவே சாட்சியாகலாம். எங்கள் ஸ்கிரிப்டில் "கட்டிய சங்கிலி" என்று மட்டும் இருக்கிறது. கட்டியவர் யார் என்று இல்லை. அது தற்செயல் அல்ல.

## மூன்றாம் வழி: காப்பகத்தின் ஒரு நாள்

காலை ஐந்தரைக்குக் கதவு திறப்பதில் தொடங்கி, கூண்டு கழுவுவது, உணவு, மருந்து, மாலை. நாய்களைப் பராமரிக்கும் தொழிலாளியின் குரலில் சொன்னால்தான் இது எடுபடும். எங்கள் பக்கக் காப்பகங்களில் பெரும்பாலும் அவர் சூலு மொழி பேசுபவராக இருப்பார். அவர் தன் மொழியிலேயே பேசட்டும், எழுத்து கீழே ஓடட்டும். தமிழில் டப் செய்து கெடுக்காதீர்கள்.

இதில் பள்ளமும் மேடும் தானாக வராது, உருவாக்க வேண்டும். கேள்வியில் இருக்கிறது சூட்சுமம். "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் வேலைப் பட்டியல் வரும். "எந்தக் கூண்டைக் கடைசியாகத் திறப்பீர்கள், ஏன்?" என்று கேட்டால் ஒரு கதை வரும்.

ஒருமுறை நன்கொடைக்கு இது பொருந்தாது. மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் டெபிட் ஆர்டரில் 50 ரேண்ட், 100 ரேண்ட் கேட்பதற்குத்தான் இது. ஒவ்வொரு நாளும் இதே வேலை என்று காட்டிவிட்டு, ஒவ்வொரு மாதமும் தாருங்கள் என்று கேட்பது இயல்பாகப் பொருந்துகிறது. பணத்துக்கும் கட்டு கிடையாது. மின்கட்டணம், சம்பளம், நாய் உணவு என எதற்கும் போகலாம். காப்பகக் கணக்கு பார்ப்பவரைக் கேட்டால் இதுதான் வேண்டும் என்பார்.

ஆனால் மெதுவாக வரும். வாரக் கடைசிக்குள் டாக்டர் பில் கட்ட வேண்டும் என்றால் இது உதவாது. கணக்கில் பணம் இல்லாமல் டெபிட் ஆர்டர் திரும்பும், அதற்கும் வங்கி கட்டணம் எடுத்துக்கொள்ளும், யாராவது உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். தொழிலாளியின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள், வேலையை விட்டுப் போனால் வீடியோவை எடுத்துவிட வேண்டுமா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வாய்ச்சொல்லில் விட்டுவிடாதீர்கள். அக்கம்பக்கத்தில் "நாயைப் பிடித்துப் போகிறவன்" என்று அவரை அடையாளம் கண்டு வம்பு செய்வதும் நடக்கிறது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | குணமான நாய் | பாதியில் நிற்கும் கதை | காப்பகத்தின் ஒரு நாள் |
|---|---|---|---|
| கேட்கும்போது கதை | மூடிவிடும், திறக்க வேண்டும் | திறந்தே இருக்கும் | முடிவே கிடையாது |
| பணத்தின் கட்டு | குறைவு | அதிகம் | இல்லை |
| காட்சி | முதல் நாள் பதிவு கட்டாயம் | இன்றே எடுக்கலாம் | இரண்டு முழு நாள் |
| ஆயுள் | மாதக்கணக்கு | இரண்டு மூன்று வாரம் | ஓர் ஆண்டு |
| பெரிய ஆபத்து | வாழ்த்து வரும், பணம் வராது | நாய் இறந்துபோவது | மெதுவாக வரும் பணம் |
| எப்போது நல்லது | நன்றி சொல்ல, புதியவர்களை அறிமுகப்படுத்த | ஒரு குறிப்பிட்ட பில் கட்ட | மாதச் செலவுக்கு |

தீபாவளி வெடிச்சத்தத்தில் மிரண்டு ஓடிவரும் நாய்களுக்காகக் கேட்பதாக இருந்தால், நம் வீடுகளிடம் முதல் வழியில் போங்கள். "உங்கள் வெடியால்தான்" என்று பாதிக் கதையில் நிறுத்திக் கேட்டால், பார்ப்பவர் பர்ஸைத் திறப்பதற்குப் பதில் வாதாட ஆரம்பிப்பார். வீட்டுக்குத் திரும்பிச் சேர்ந்த ஒரு நாயைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

## எதை எடுத்தாலும் கெடும் இடங்கள்

வீடியோவுக்குள் கியூஆர் கோடு போடுவது எல்லாருக்கும் பிடித்த பழக்கம். யோசித்துப் பாருங்கள், பார்ப்பவர் போனில்தான் பார்க்கிறார். தன் போன் திரையைத் தன் போனாலேயே எப்படி ஸ்கேன் செய்வார்? கோயில் மண்டபத்தில் பெரிய திரையில் போடும்போது மட்டும் கோடு எளிதாக வேலை செய்யும். வாட்ஸப்புக்கு வீடியோவோடு சேர்த்து ஒரு எழுத்துச் செய்தி அனுப்புங்கள். அதில் லிங்க், கணக்கு எண், குறிப்புச் சொல் மூன்றும் இருக்கட்டும். கணக்கு எண்ணைக் குரலில் வாசிக்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது.

குறிப்புச் சொல் சின்ன விஷயமாகத் தெரியும். செய்தியில் ஆங்கில எழுத்தில் `RANI` என்று கொடுத்திருந்தோம். வங்கி அறிக்கையில் அதைத் தேடினால் இந்த வீடியோ எவ்வளவு கொண்டுவந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். அடுத்த வீடியோவுக்கு வேறு சொல். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், உங்கள் ஆட்களிடம் எந்த வகை ஸ்கிரிப்ட் எடுபடுகிறது என்று என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

மொழியிலும் ஒரு சிக்கல். இங்கே ஆயாவுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், பேரனுக்குப் புரியாது. போனில் பணம் அனுப்பத் தெரிந்தவன் பேரன். அதனால் குரல் தமிழில், எழுத்து ஆங்கிலத்தில். பேருந்தில் சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்கும் அதே எழுத்து உதவும்.

வரிவிலக்கைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்பார்கள். காப்பகத்துக்கு வரித்துறையான சார்ஸ் 18ஏ பிரிவின் கீழ் அனுமதி கொடுத்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். அனுமதி இருந்தால் நன்கொடையாளர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். வெறும் தொண்டு நிறுவனப் பதிவு இருந்தால் போதாது, இரண்டையும் குழப்பிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டுப் பிறகு முழித்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். இந்த வரியைப் பணம் கேட்கும் வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ராணி சாப்பிட்ட அடுத்த நொடி வரியைப் பற்றிப் பேசினால் கட்டி எழுப்பியது எல்லாம் சரிந்துவிடும். எழுத்துச் செய்தியில் கடைசி வரியாக இருக்கட்டும்.

ராணி வீடியோவின் குரல் ஆன்ட்டியுடையதுதான். எதிரொலி வராமலிருக்க அவர் வீட்டு அலமாரியைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே போனை வைத்துப் பதிவு செய்தோம். "கேட்கிறேன்" என்ற இடத்தில் முதல் நான்கு முறையும் அவர் குரல் குனிந்தது. பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்றார். வகுப்பில் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்பதுபோலக் கேளுங்கள் என்றேன். ஐந்தாவது முறை வந்ததைத்தான் வைத்திருக்கிறோம்.

கட்டு அவிழ்த்த அன்று இருபது நொடி எடுத்து, அதே குழுக்களுக்கு, எதுவும் கேட்காமல் அனுப்பினோம். ராணியின் முதல் வாரக் காட்சிகள் இப்போது பத்திரமாக இருக்கின்றன. கழுத்தில் முடி முளைத்து, அவள் ஒரு வீட்டுக்கும் போய்விட்டால், பிப்ரவரிக் கடைசியில் வரி ஆண்டு முடிவதற்குள் முதல் வழி ஸ்கிரிப்டை எடுப்பதாக இருக்கிறோம். அன்றைக்கு அவள் கூண்டில் யார் இருப்பான் என்று தெரியாததால் கடைசி முப்பது நொடியை எழுதாமல் விட்டு வைத்திருக்கிறேன்.